விளக்கு எரிந்தால் போதாது: லீஸ்டு லைன் போர்ட்டை அமைக்கும் முறை

அலுவலகத்துக்கு லீஸ்டு லைன் வாங்கினால், இணைய நிறுவனத்தின் ஆட்கள் வந்து ஃபைபரை இழுத்து, சுவரில் ஒரு சிறு பெட்டியை மாட்டி, அதிலுள்ள லேன் போர்ட்டைக் காட்டிவிட்டுப் போவார்கள். கூடவே ஒரு மின்னஞ்சல் வரும். ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் என்று எல்லாம் அதில் இருக்கும். அவற்றை எல்லோரும் கவனமாகக் குறித்துக்கொள்கிறார்கள். நடுவே இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று: வி-லேன் 120, டேக்டு. இன்னொன்று: போர்ட் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ், ஆட்டோ நெகோசியேஷன் ஆஃப். பல அலுவலகங்களில் யாரும் நின்று படிக்காத வரிகள் இவைதான்.

முதல் வரியைத் தவறவிட்டால் இணையமே வராது. உடனே போன் போட்டுக் கேட்டுச் சரிசெய்துவிடுவோம். இரண்டாவது வரியைத் தவறவிட்டால் நிலைமை வேறு. போர்ட்டில் விளக்கு எரியும், பிங் போகும், கூகுள் திறக்கும். ஆனால் பெரிய கோப்பை அனுப்பினால் நகராது, வீடியோ அழைப்பில் குரல் உடையும். மாதக்கணக்கில் இணைய நிறுவனத்தோடு சண்டை நடக்கும். அவர்கள் தங்கள் பக்கம் பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, அலுவலகத்தின் புகார் பொய்யும் இல்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மீட்டர் பேட்ச் கார்டில்தான் சிக்கல் இருக்கிறது. அது எப்படி உண்டாகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டால் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.

பொறுப்பு கைமாறும் இடம்

இணைய நிறுவனத்தின் பெட்டியிலிருந்து நம் ரவுட்டருக்குள் வரும் அந்த லேன் போர்ட்டை ஹேண்டாஃப் என்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் பொறுப்பு, இந்தப் பக்கம் நம் பொறுப்பு. சுவரில் இருக்கும் பெட்டி ஒரு மீடியா கன்வர்ட்டராக இருக்கலாம். அது ஃபைபரில் வரும் ஒளியைத் தாமிரக் கம்பியில் போகும் மின் சமிக்ஞையாக மாற்றும், அவ்வளவுதான். சில இடங்களில் அதற்குப் பதிலாக ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். எதுவாக இருந்தாலும், இரு தரப்பும் ஒரே கம்பியில் ஒரே விதிப்படி பேசியாக வேண்டும். மின்னஞ்சலில் வந்த இரண்டு வரிகளும் அந்த விதிகள்தான்.

நான்கு பைட் அடையாளம்

முதலில் வி-லேன். இணைய நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித் தனிக் கருவியையும் தனி ஃபைபரையும் ஊர் முழுக்க இழுத்துக்கொண்டிருக்க முடியாது. தெருமுனையில் உள்ள அவர்களின் ஸ்விட்சுக்கு அப்பால் பல வாடிக்கையாளர்களின் போக்குவரத்து ஒரே ஃபைபரில்தான் ஓடுகிறது. எது யாருடையது என்று பிரித்தறிய, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு எண்ணைச் சேர்க்கிறார்கள். ஒரே வாடிக்கையாளருக்கு இணையம், தொலைபேசி, கிளை அலுவலக இணைப்பு ஆகிய மூன்றையும் கொடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

அந்த எண் எங்கே உட்காருகிறது என்று பார்த்தால் விஷயம் எளிது. ஈதர்நெட் ஃபிரேமின் தொடக்கத்தில் பெறுபவரின் முகவரியும் அனுப்புபவரின் முகவரியும் இருக்கும். அவை முடிந்த இடத்தில் நான்கு பைட்டுகளைச் செருகுகிறார்கள். முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் `0x8100`. இது வி-லேன் ஃபிரேம் என்பதற்கான அறிவிப்பு அது. அடுத்த இரண்டு பைட்டுகளில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெரிசலில் முதலில் கைவிடத்தக்கதா என்பதற்கு, மீதி 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 மதிப்புகள் அடங்கும். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். 1998-இல் வெளிவந்த `802.1Q` என்ற தரநிலை இதை வகுத்தது.

அந்த நான்கு பைட்டுகள் இருந்தால் டேக்டு, இல்லாவிட்டால் அன்டேக்டு. இணைய நிறுவனம் டேக்டு என்று கொடுத்திருந்தால், 120 என்ற எண் இல்லாமல் நாம் அனுப்பும் ஃபிரேமை அவர்களின் ஸ்விட்ச் ஏற்காது. அவர்கள் 120 என்று எழுதி அனுப்புவதை, டேக் தெரியாத நம் கருவியும் ஏற்காது. மடிக்கணினியை நேராக அந்த போர்ட்டில் சொருகி, ஐபி முகவரியைச் சரியாகக் கொடுத்தும் ஒன்றும் வராமல் போவது இதனால்தான். மடிக்கணினி சாதாரணமாக டேக் இல்லாமலே பேசும். அதை வைத்து லைன் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சில நெட்வொர்க் கார்டுகளின் ட்ரைவர் அமைப்பில் `VLAN ID` என்றொரு இடம் இருக்கும். அதில் 120 என்று கொடுத்தால் அதே மடிக்கணினியில் சோதிக்கலாம்.

வேகத்தை ஏன் பூட்டுகிறார்கள்?

இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்தால், தமக்குள் பேசி வேகத்தை முடிவுசெய்துகொள்வதுதான் இன்றைய வழக்கம். அதுவே ஆட்டோ நெகோசியேஷன். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கான 1995-ஆம் ஆண்டுத் தரநிலையோடு அது வந்தது. தொடக்கக் காலத்தில் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றை ஒன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால் முக்கியமான இணைப்புகளில் ஆட்டோவை நிறுத்தி, வேகத்தைக் கையால் பூட்டிவிடும் பழக்கம் பொறியாளர்களிடம் வேரூன்றியது. பழைய மீடியா கன்வர்ட்டர்களும் ஒரு காரணம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பக்கத்தில் ஆட்டோ நெகோசியேஷன் என்ற ஒன்றே கிடையாது. அதனால் தாமிரப் பக்கத்தையும் 100 ஃபுல் என்று பூட்டியே விற்ற பெட்டிகள் உண்டு. அவை இன்றும் பல சுவர்களில் தொங்குகின்றன.

பூட்டுவதில் தவறில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூட்டியிருந்தால் இணைப்பு பல ஆண்டுகள் தொந்தரவின்றி ஓடும். ஒரு பக்கம் பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால்தான் கோளாறு.

ஒரு பக்கம் மட்டும் பூட்டினால்

ஆட்டோவில் இருக்கும் நம் ரவுட்டர், "என்னால் இன்னின்ன வேகத்தில் பேச முடியும், நீ?" என்று குறுந்துடிப்புகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். பூட்டப்பட்ட எதிர்ப்பக்கம் அதற்குப் பதில் தராது. அது 100 எம்பிபிஎஸ்ஸுக்குரிய சமிக்ஞையை மட்டும் ஓயாமல் அனுப்பும். அந்தச் சமிக்ஞையின் வடிவத்தைப் பார்த்தே வேகம் 100 என்று நம் ரவுட்டர் அறிந்துகொள்ளும். ஆனால் எதிர்ப்பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸா, ஹாஃப் டூப்ளெக்ஸா என்பதை அந்தச் சமிக்ஞையிலிருந்து அறிய வழியில்லை. அப்படித் தெரியாதபோது ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது தரநிலையின் விதி. நம் ரவுட்டர் விதிப்படி 100 ஹாஃபில் நிற்கும். எதிர்ப்பக்கமோ 100 ஃபுல். வேகம் ஒன்றுதான் என்பதால் இரண்டு பக்கமும் விளக்கு எரியும்.

ஃபுல் டூப்ளெக்ஸ் என்பது போனில் பேசுவது போல, இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஹாஃப் டூப்ளெக்ஸ் வாக்கி-டாக்கி போல, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். இங்கே ஒருவர் கையில் போன், மற்றவர் கையில் வாக்கி-டாக்கி. இணைய நிறுவனத்தின் பெட்டி எப்போது வேண்டுமானாலும் ஃபிரேமை அனுப்பும். நம் ரவுட்டர் அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால், அதை மோதல் என்று எண்ணி, அனுப்பிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிடும். பாதியில் அறுந்த அந்தத் துண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேரும். அங்கே சரிபார்ப்புத் தொகை பொருந்தாததால் பிழை என்று தூக்கி எறியப்படும்.

வழக்கமான மோதல் ஃபிரேமின் முதல் 64 பைட்டுக்குள் நடந்துவிடும். அப்படியானால் நெட்வொர்க் கார்டே சிறிது பொறுத்து மறுபடி அனுப்பிவிடும். இங்கே எதிர்ப்பக்கம் விதியைப் பார்க்காமல் எந்த நொடியிலும் பேசுவதால், 64 பைட் தாண்டிய பிறகும் மோதல் நடக்கும். இதைத் தாமத மோதல் என்பார்கள். அந்த ஃபிரேமைக் கார்டு மறுபடி அனுப்பாது. தரவு தொலைந்ததை மேலடுக்கில் இருக்கும் டிசிபி உணர்ந்து, காத்திருந்து, மறுபடி அனுப்ப வேண்டும். வழியில் நெரிசல் இருக்கிறது என்று நினைத்து அது தன் வேகத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொள்ளும்.

பிங் ஏன் நன்றாகப் போகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பிங் ஒரு சிறு கேள்வியை அனுப்பி, பதில் வரும்வரை சும்மா இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் வாய்ப்பே அதில் அரிது. கோப்பு அனுப்பும்போது தரவு ஒரு திசையிலும், பெற்றுக்கொண்டேன் என்ற பதில்கள் எதிர்த்திசையிலும் இடைவிடாமல் ஓடும். மோதல் அப்போதுதான் தொடங்கும்.

கரூரில் ஓர் அலுவலகம்

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். வாங்குபவருக்கு டிசைன் கோப்புகளை அனுப்புவதுதான் முக்கிய வேலை. வந்த விவரம்: வி-லேன் 120 டேக்டு, போர்ட் 100 ஃபுல் பூட்டியது, நம் ஐபி 203.0.113.2/30, கேட்வே 203.0.113.1. இந்த முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்களுக்கு வந்த எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரவுட்டராக இருப்பது லினக்ஸ் கணினி, இணைய நிறுவனத்தின் கேபிள் வருவது `eth0` போர்ட்டில்.

முதலில் வேகத்தைப் பூட்ட வேண்டும்:

```
ethtool -s eth0 speed 100 duplex full autoneg off
```

பிறகு அந்த போர்ட்டின் மேல் 120 என்ற வி-லேனை உருவாக்கி, ஐபி முகவரியை அதற்குத் தர வேண்டும்:

```
ip link set eth0 up
ip link add link eth0 name eth0.120 type vlan id 120
ip addr add 203.0.113.2/30 dev eth0.120
ip link set eth0.120 up
ip route add default via 203.0.113.1
```

இதில் கவனிக்க வேண்டியது, எது எங்கே சேர்கிறது என்பது. வேகம் கம்பிக்குரியது, அதனால் அது `eth0`-வில் அமைகிறது. ஐபி முகவரி வி-லேனுக்குரியது, அதனால் அது `eth0.120`-இல் அமைகிறது. முகவரியை `eth0`-வின் மேலேயே கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது ஃபிரேம்கள் டேக் இல்லாமல் வெளியே போகும். ஃபயர்வால் விதிகளும் முகவரி மாற்றும் விதிகளும்கூட `eth0.120` என்ற பெயரில்தான் இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் ரவுட்டராக இருந்தாலும் வரிசை இதுதான். போர்ட் பக்கத்தில் வேகமும் டூப்ளெக்ஸும், வான் பக்கத்தில் வி-லேன் எண்ணும் ஐபியும்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சில கருவிகளில் ஆட்டோவை ஆஃப் செய்யாமலே, 100 ஃபுல் என்ற ஒன்றை மட்டும் அறிவிக்கும்படி அமைக்கலாம். வேகத்தைப் பூட்டிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கம் ஆட்டோவை நிறுத்தியிருந்தால் நம் அறிவிப்பைக் கேட்க அங்கே யாரும் இல்லை. லிங்க் வராமல் போகலாம், அல்லது ஹாஃபிலேயே நிற்கலாம். எதிர்ப்பக்கம் ஆஃப் என்றால் நாமும் ஆஃப்தான் செய்ய வேண்டும்.

வேகத்தைப் பூட்டியதும் விளக்கு அணைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். எந்த ஜோடிக் கம்பியில் அனுப்புவது, எதில் பெறுவது என்பதைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் பல கருவிகளில் ஆட்டோவோடு சேர்ந்தே நின்றுவிடும். நேர் கேபிளை எடுத்துவிட்டு ஒரு கிராஸ் கேபிள் போட்டுப் பாருங்கள்.

சரியா என்று எப்படித் தெரியும்?

முதலில் டேக். கேட்வே நமக்குப் பதில் சொல்கிறதா என்பதை `ip neigh` கட்டளை காட்டும். 203.0.113.1-க்கு எதிரே ஒரு முகவரியும் `REACHABLE` என்ற சொல்லும் வந்தால் வி-லேன் சரி. `INCOMPLETE` அல்லது `FAILED` என்று வந்தால் எண்ணோ டேக்கோ பொருந்தவில்லை. அப்போது கம்பியில் உண்மையில் என்ன வருகிறது என்று பார்த்துவிடலாம்:

```
tcpdump -e -n -i eth0
```

கேட்வே நம்மைத் தேடும்போது ஓடும் வரிகளில் இப்படி ஒன்று தென்படும்:

```
vlan 120, p 0, ethertype ARP, Request who-has 203.0.113.2 tell 203.0.113.1
```

அந்த `vlan 120`தான் நான்கு பைட்டுக்குள் இருந்த எண். அங்கே 102 என்று வந்தால் மின்னஞ்சலில் எண் மாறித் தட்டச்சாகியிருக்கிறது. `vlan` என்ற சொல்லே இல்லாமல் அதே கேள்வி வந்தால், அவர்கள் டேக்டு என்று சொல்லிவிட்டு அன்டேக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். வாதம் செய்யத் தேவையில்லை. இந்த ஒரு வரியை அவர்களுக்கு அனுப்பினால் போதும்.

அடுத்து வேகம். வேகத்தைப் பூட்டும் கட்டளையை யாரோ விட்டுவிட்டார்கள் என்று கொள்வோம். `ethtool eth0` என்று கேட்டால் இப்படிக் காட்டும்:

```
Speed: 100Mb/s
Duplex: Half
Auto-negotiation: on
Link detected: yes
```

இரண்டாவது வரியில் `Half` என்று கண்டதுமே நோய் தெரிந்துவிட்டது. இன்றைய லீஸ்டு லைனில் அந்தச் சொல் வரவே கூடாது. சரியாக அமைத்த பின் அங்கே `Full` என்றும், அடுத்த வரியில் `off` என்றும் இருக்க வேண்டும்.

நம் பக்கம் `Full` என்று காட்டுவது மட்டும் போதுமா? போதாது. எதிர்ப்பக்கம் எப்படி இருக்கிறது என்பதை அந்தத் திரை சொல்லாது. அதை எண்ணிக்கைகள்தான் சொல்லும். `ip -s -s link show eth0` என்று கேட்டால் போன ஃபிரேம்கள், வந்த ஃபிரேம்கள், பிழைகள் எல்லாம் எண்களாக வரும். அவற்றில் இரண்டைப் பாருங்கள். அனுப்பும் வரிசையில் `collsns` என்பது மோதல்களின் எண்ணிக்கை. பெறும் வரிசையில் `crc` என்பது சரிபார்ப்பில் தோற்ற ஃபிரேம்களின் எண்ணிக்கை. ஒரு பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கிவிட்டு, சில நொடி இடைவெளியில் இருமுறை இந்தக் கட்டளையைக் கொடுத்து ஒப்பிட வேண்டும்.

`collsns` ஏறிக்கொண்டே போனால் நாம்தான் ஹாஃபில் இருக்கிறோம். `collsns` பூஜ்யமாக நின்று `crc` மட்டும் ஏறினால், நாம் ஃபுல்லில் இருக்க, எதிர்ப்பக்கம் ஹாஃபில் இருந்து துண்டு ஃபிரேம்களை அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். கெட்டுப்போன கேபிளும் `crc`-யை ஏற்றும் என்பதால் முதலில் பேட்ச் கார்டை மாற்றிப் பார்க்க வேண்டும். புதிய கேபிளிலும் தொடர்ந்து, இரண்டு திசையிலும் சுமை இருக்கும்போது மட்டும் எண்ணிக்கை ஏறினால் டூப்ளெக்ஸ்தான் காரணம். அப்போது இணைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்கு போன் செய்து, "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்று சொன்னால் வேக சோதனை செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "சார், எங்க பக்கம் 100 ஃபுல், ஆட்டோ ஆஃப் பண்ணியிருக்கோம். உங்க போர்ட் ஆட்டோல இருக்கா, பூட்டியிருக்கா? லேட் கொலிஷன் கவுன்ட் எவ்வளவு காட்டுதுனு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் உரையாடல் சரியான இடத்தில் தொடங்கும்.

எல்லாம் பொருந்திய பிறகு கரூர் அலுவலகத்தில் கணக்கு நேராகும். 400 எம்பி கோப்பு என்றால் 3200 மெகாபிட். 50 எம்பிபிஎஸ்ஸில் 64 நொடி. இதர சுமைகளைச் சேர்த்தால் இன்னும் சில நொடிகள். அதே கோப்பு பத்து நிமிடம் இழுத்தால் எங்கோ ஃபிரேம்கள் தொலைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

சிறு தளம் திறக்கிறது, பெரிய தளம் திறக்கவில்லை

டேக் சேர்வதால் ஃபிரேமின் அதிகபட்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. நடுவில் யாராவது ஒரு பழைய ஸ்விட்சைச் சொருகியிருந்து, அது 1518-க்கு மேல் ஏற்காவிட்டால், சிறு ஃபிரேம்கள் போகும், முழு நீள ஃபிரேம்கள் காணாமல் போகும். இதைச் சோதிக்க லினக்ஸில்:

```
ping -M do -s 1472 203.0.113.1
```

1472 பைட்டோடு தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. அளவைக் குறைத்தால் போகிறது, 1472-இல் போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு நேராகச் சொருகுங்கள்.

ரவுட்டருக்கு டேக் போடத் தெரியாவிட்டால்

விலை குறைந்த பல ரவுட்டர்களில் வான் போர்ட்டுக்கு வி-லேன் எண் கொடுக்கவோ, வேகத்தைப் பூட்டவோ இடமிருக்காது. அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சிறிய மேனேஜ்டு ஸ்விட்சை நடுவில் வைக்கலாம். அதன் 1-ஆம் போர்ட்டில் இணைய நிறுவனத்தின் கேபிள். அங்கே வி-லேன் 120 டேக்டு, வேகம் 100 ஃபுல் பூட்டியது. 2-ஆம் போர்ட்டில் நம் ரவுட்டர். அங்கே வி-லேன் 120 அன்டேக்டு, `PVID` 120, வேகம் ஆட்டோ. `PVID` என்பது, டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமுக்கு எந்த எண்ணைப் போடுவது என்ற விதி. அதை 120 என்று மாற்ற மறந்தால் ஸ்விட்ச் வழக்கமான 1-ஐப் போட்டுவிடும், நம் பக்கத்திலிருந்து எதுவும் வெளியே போகாது. வாங்கும்முன் அந்த ஸ்விட்சில் போர்ட் வேகத்தைப் பூட்டும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற போர்ட்டுகள் எதிலும் 120 இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே சொருகும் கணினி, ஃபயர்வாலைத் தாண்டி நேராக இணையத்தில் நிற்கும்.

1 ஜிபிபிஎஸ் என்றால் கதை வேறு

தாமிரக் கேபிளில் 1 ஜிபிபிஎஸ் ஓட, எந்தப் பக்கம் நேரத்துடிப்பைத் தர வேண்டும் என்பதை இரு கருவிகளும் பேசி முடிவுசெய்ய வேண்டும். 1999-இல் வந்த அதன் தரநிலை ஆட்டோ நெகோசியேஷனைக் கட்டாயமாக்கியது இதனால்தான். ஆகவே 1 ஜிபிபிஎஸ் ஹேண்டாஃபில் ஆட்டோவை ஆஃப் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வேறு வேகத்துக்கு இறங்கிவிடக் கூடாது என்பதுதான் கவலையென்றால், ஆட்டோவை வைத்துக்கொண்டே 1000 ஃபுல்லை மட்டும் அறிவிக்கச் செய்யலாம்.

போர்ட்டின் வேகத்தையும் வாங்கிய வேகத்தையும் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. 100 என்பது கம்பியின் வேகம். காசு கொடுத்தது 50-க்கு. கம்பி 100-இல் ஓடுவதால் ரவுட்டர் 100 வரை தள்ளப் பார்க்கும். 50-ஐத் தாண்டியதை இணைய நிறுவனத்தின் ஸ்விட்ச் அப்படியே கைவிடும். எதைக் கைவிடுவது என்று அது தேர்ந்தெடுக்காது, வீடியோ அழைப்பின் ஃபிரேமும் அதில் போகும். நம் ரவுட்டரிலேயே வெளியே போகும் வேகத்தை 48 எம்பிபிஎஸ் அளவில் நிறுத்தி வைத்தால், வரிசை நம் கையில் இருக்கும். எது முதலில் போக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

அமைத்தது நிலைக்க வேண்டும்

மேலே காட்டிய கட்டளைகள் கணினி அணையும்வரைதான் இருக்கும். கரண்ட் போய் வந்ததும் வேகம் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும். வி-லேனை மட்டும் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு வேகத்தை எழுத மறந்தால், இணையம் வந்துவிடும், ஆனால் ஹாஃபில் வரும். அதனால் இரண்டையும் அமைப்புக் கோப்பில் எழுதி, ஒருமுறை ரவுட்டரை அணைத்துப் போட்டு, `ethtool` திரையை மறுபடி பார்த்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் மாறலாம். இடி மின்னலில் மீடியா கன்வர்ட்டர் போய்விட்டால் ஆள் வந்து புதிய பெட்டியை மாட்டுவார். புதிய பெட்டி ஆட்டோவில் இருக்கும், நாம் 100 ஃபுல்லில் பூட்டியபடியே இருப்போம். அன்றிலிருந்து லைன் இழுக்கும். எனவே அவர்கள் பக்கம் எந்தப் பெட்டி மாறினாலும், ஆள் கிளம்பும் முன் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு பெரிய கோப்பை அனுப்பி, `collsns`, `crc` இரண்டும் ஏறாமல் நிற்பதைக் காட்டச் சொல்லுங்கள். வேகம் பூட்டியதா ஆட்டோவா, வி-லேன் எண் என்ன, டேக்டா அன்டேக்டா என்ற மூன்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பூட்டுவதென்றால் இருவரும் பூட்ட வேண்டும், ஆட்டோ என்றால் இருவரும் ஆட்டோவில் இருக்க வேண்டும். எது என்பதைப் பேசி முடிக்காமல் லைனை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டாம்.